கேரி வேறு, ஓவர்ஃப்ளோ வேறு: நான்கு பிட் கூட்டல் சுற்றில் மைனஸ் எண்கள்

7483 என்று ஒரு ஐசி இருக்கிறது. நான்கு பிட் எண்கள் இரண்டைக் கொடுத்தால் கூட்டித் தரும். கல்லூரி டிஜிட்டல் லேபில் இதையோ, கால்களின் வரிசை மட்டும் மாறி இதே வேலையைச் செய்யும் 74283-ஐயோ பலர் தொட்டிருப்பார்கள். இதைப் பிரெட்போர்டில் செருகி, ஒரு பக்கம் 0101, மறுபக்கம் 0110 கொடுங்கள். விடைக்கான நான்கு எல்இடிகளில் 1011 என்று வரும். கேரிக்கு வைத்த ஐந்தாவது எல்இடி எரியாது. ஐந்தும் ஆறும் பதினொன்று, 1011 என்பதும் பதினொன்று. கணக்கு சரி.

ஆனால் மைனஸ் எண்களும் வேண்டும் என்று நாம் இரண்டின் நிரப்பி முறையில், அதாவது டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில், எண்களை எழுதியிருந்தால் அதே 1011-க்கு மதிப்பு −5. ஐந்தையும் ஆறையும் கூட்டினால் மைனஸ் ஐந்து! விடை தப்பு, ஆனாலும் கேரி விளக்கு எரியவில்லை.

இப்போது 1111, 0001 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். விடை 0000, கேரி விளக்கு எரிகிறது. இரண்டின் நிரப்பியில் 1111 என்றால் −1. அதோடு 1-ஐக் கூட்டினால் பூஜ்யம்தான். விடை சரியாக இருக்கும்போது விளக்கு எரிகிறது, தப்பாக இருந்தபோது எரியவில்லை. அப்படியானால் குறியுள்ள எண்களைக் கூட்டும்போது விடை கெட்டுவிட்டதா என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

1101 ஏன் மைனஸ் மூன்று?

நான்கு பிட்டில் மொத்தம் 16 வடிவங்கள்தான், 0000 முதல் 1111 வரை. மைனஸ் எண் வேண்டுமென்றால் இந்தப் பதினாறில் சிலவற்றை அதற்கு ஒதுக்க வேண்டும். முதலில் யாருக்கும் தோன்றும் வழி, இடது ஓரத்து பிட்டைக் குறியாக வைத்துக்கொள்வது. 0011 என்றால் 3, 1011 என்றால் −3. படிக்க எளிது. ஆனால் கூட்டல் சுற்றில் இந்த இரண்டையும் போட்டால் 1110 வரும், இந்த முறையில் அது −6. மூன்றும் மைனஸ் மூன்றும் சேர்ந்து பூஜ்யம் வர வேண்டிய இடம் அது. இப்படி எழுதினால் குறிகளைப் பார்த்து, எது பெரியது என்று ஒப்பிட்டு, சிறியதைக் கழிக்கத் தனியாக ஒரு சுற்று கட்ட வேண்டும். போதாக்குறைக்கு 0000, 1000 என்று இரண்டு பூஜ்யங்கள்.

அதனால் கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம். கூட்டல் சுற்றை மாற்றவே கூடாது. 0011-உடன் எந்த வடிவத்தைக் கூட்டினால் 0000 வரும்? தேடிப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும்:

```
   0011
 + 1101
 ------
 1 0000
```

இடது பக்கம் வெளியே விழும் 1-ஐ விட்டுவிட்டால் நான்கு பிட்டும் பூஜ்யம். ஆகவே மைனஸ் மூன்று என்ற வேலையைச் செய்யக்கூடிய வடிவம் 1101 மட்டுமே. இது யாரோ விருப்பப்படி வைத்த ஏற்பாடு இல்லை. கூட்டல் சுற்று மாறக் கூடாது என்று முடிவு செய்த உடனேயே இது தானாக வந்துவிடுகிறது.

சுவர்க் கடிகாரத்தில் முள்ளை மூன்று மணி பின்னால் தள்ளுவதும் ஒன்பது மணி முன்னால் தள்ளுவதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும், ஏனென்றால் வட்டம் பன்னிரண்டில் முடிகிறது. நான்கு பிட்டின் வட்டம் பதினாறில் முடிகிறது. அதனால் 3-ஐக் கழிப்பதும் 13-ஐக் கூட்டுவதும் ஒன்று, 13-ஐ இருமத்தில் எழுதினால் 1101.

பிட்டுகளை 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பிப் போட்டு ஒன்றைக் கூட்டு என்று பாடப்புத்தகம் சொல்லும் விதி இதே கழித்தலுக்கான குறுக்குவழி. ஓர் எண்ணையும் அதன் பிட்டுகளைத் திருப்பிப் போட்ட எண்ணையும் கூட்டினால் எப்போதும் 1111, அதாவது 15, வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பக்கம் 0 இருந்தால் மறுபக்கம் 1 இருப்பதால் வேறெதுவும் வர வழியில்லை. அதற்கு மேல் இன்னொரு 1 சேர்த்தால் 16, நான்கு பிட்டுக்குள் பூஜ்யம். ஆகவே திருப்பிப் போட்டு ஒன்று சேர்த்தால் கிடைப்பது அந்த எண்ணின் மைனஸ்.

திரும்பப் படிப்பதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. இடங்களின் மதிப்பை 8, 4, 2, 1 என்று எடுப்பதற்குப் பதிலாக −8, 4, 2, 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1101 என்றால் −8 + 4 + 1, அதாவது −3. 1011 என்றால் −8 + 2 + 1, அதாவது −5. இடது ஓர பிட்டை வெறும் குறி என்று நினைக்காமல் மைனஸ் எட்டு மதிப்புள்ள ஓர் இடம் என்று நினைப்பது நல்லது. கீழே வரும் விளக்கம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கில் நான்கு பிட்டுக்குள் அடங்குபவை −8 முதல் 7 வரையான எண்கள். மைனஸ் பக்கம் ஓர் எண் கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். −8 உண்டு, +8 கிடையாது. அந்த ஒற்றை எண் பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவரும்.

கேரி விழுந்தால் ஏன் கவலையில்லை

6-ஐயும் −2-ஐயும் கூட்டிப் பார்ப்போம்.

```
   0110     6
 + 1110    -2
 ------
 1 0100     4
```

விடை 4, சரிதான். வெளியே ஒரு கேரி வந்தது, அதைக் கீழே போட்டுவிட்டோம். கணக்கில் வந்த ஒன்றைத் தூக்கிப் போடுவது எப்படி நியாயம் என்று முதல் முறை படிப்பவர் எல்லோருக்கும் சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். −2-க்குப் பதிலாக நாம் சுற்றுக்குக் கொடுத்தது உண்மையில் 14. அதாவது 16-ஐ அதிகமாகக் கொடுத்துவிட்டோம். வெளியே விழுந்த கேரியின் மதிப்பும் சரியாக 16. கூடுதலாகக் கொடுத்தது திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

குறியில்லாத எண்களாக இதே பிட்டுகளைப் படிப்பவருக்குக் கதை வேறு. அவருக்கு இது 6 + 14 = 20. நான்கு பிட்டில் 20 அடங்காது, கிடைத்திருப்பது 4. அவருக்குக் கேரி என்பது விடை கெட்டுவிட்டது என்ற எச்சரிக்கை. சுற்றுக்கு இந்த இரண்டு வாசிப்பும் தெரியாது. அது பிட்டுகளைக் கூட்டுகிறது, குறி இருப்பது நம் வாசிப்பில். அதனால்தான் குறியில்லாத எண்களுக்குக் கேரி என்றும், குறியுள்ள எண்களுக்கு ஓவர்ஃப்ளோ என்றும் இரண்டு தனித்தனி அடையாளங்கள் தேவைப்படுகின்றன.

ஓவர்ஃப்ளோ எப்போது வரும்

குறியுள்ள எண்களில் ஒன்று பிளஸ், மற்றொன்று மைனஸ் என்றால் ஓவர்ஃப்ளோ வரவே வராது. பிளஸ் பக்கம் 0 முதல் 7 வரை, மைனஸ் பக்கம் −8 முதல் −1 வரை. இவற்றில் எதை எதோடு கூட்டினாலும் விடை −8-க்கும் 6-க்கும் நடுவில்தான் இருக்கும். எல்லாம் உள்ளே அடங்கிவிடும். (இங்கே பூஜ்யத்தையும் பிளஸ் பக்கம் சேர்த்துக்கொள்கிறோம், அதன் இடது பிட் 0 என்பதால்.)

இரண்டும் பிளஸ் என்றால் கூட்டுத்தொகை அதிகபட்சம் 14. 7 வரை பிரச்சினையில்லை. 8 முதல் 14 வரை வந்தால் அடங்காது. அந்த ஏழு எண்களின் வடிவங்கள் 1000 முதல் 1110 வரை, எல்லாவற்றுக்கும் இடது பிட் 1. அதாவது தப்பாகப் போன ஒவ்வொரு விடையும் மைனஸாகத்தான் தெரியும். தப்பாகப் போய்விட்டு பிளஸ் வேஷத்தில் ஒளிந்துகொள்ளும் விடை ஒன்றுகூட இல்லை.

இரண்டும் மைனஸ் என்றாலும் இதே நிலைமைதான். குறைந்தபட்சம் −16. −8 வரை அடங்கும். −9 முதல் −16 வரை உள்ளவை அடங்காமல், 16 கூடி 7 முதல் 0 வரையான எண்களாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் இடது பிட் 0.

ஆகவே பரிசோதனை இவ்வளவுதான்: கொடுத்த இரண்டு எண்ணின் குறியும் ஒன்றாக இருந்து, விடையின் குறி மட்டும் மாறியிருந்தால் ஓவர்ஃப்ளோ. கொடுக்கும் எண்கள் A, B, விடை S, ஓவர்ஃப்ளோ V என்று கொண்டு, 7483-ன் கால்களுக்கு உள்ள பெயர்ப்படி வலது ஓரம் 1, இடது ஓரம் 4 என்று எண் வைத்துக்கொண்டால்:

```
V = (A4 & B4 & ~S4) | (~A4 & ~B4 & S4)
```

இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, மேலே சொன்ன எல்லைகளை ஒருமுறை நீங்களே எழுதிப் பார்ப்பது மேல். எட்டு பிட்டுக்கும் முப்பத்திரண்டு பிட்டுக்கும் அதே வாதம் அப்படியே பொருந்தும்.

இரண்டு கேரிகளின் கதை

புத்தகங்களில் இன்னொரு விதியும் இருக்கும். குறி இடத்துக்குள் நுழையும் கேரியும் அங்கிருந்து வெளியேறும் கேரியும் வேறுபட்டால் ஓவர்ஃப்ளோ. பலரும் இதைக் காரணம் தெரியாமலே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் எனக்கு இந்தப் பாடத்திலேயே அழகானதாகத் தோன்றுவது இந்த விதிக்கான காரணம்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நான்கு பிட் கூட்டல் சுற்று என்பது தர்க்கப்படி வரிசையாக நிற்கும் நான்கு முழுக் கூட்டிகள். ஒவ்வொன்றும் தன் இடத்து A பிட், B பிட், வலப்புறத்திலிருந்து வரும் கேரி மூன்றையும் கூட்டி, தன் இடத்துக்கு ஒரு பிட்டும் இடப்புறத்துக்கு ஒரு கேரியும் தருகிறது. மூன்றாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போகும் கேரியை C3 என்போம். நான்காம் இடத்திலிருந்து வெளியே வருவது C4.

மூன்றாம் இடத்தின் மதிப்பு 4. அங்கிருந்து ஒரு கேரி கிளம்பினால் அதன் மதிப்பு இரு மடங்கு, அதாவது +8. ஆனால் அது போய்ச் சேரும் நான்காம் இடத்தின் மதிப்பு −8. முழுக் கூட்டிக்கு இது தெரியாது, வந்த கேரியை அந்த இடத்துக்குச் சொந்தமான ஒன்றாகவே எண்ணிக் கூட்டுகிறது. +8 ஆக இருக்க வேண்டியது −8 ஆகிவிட்டது. C3 நுழையும் ஒவ்வொரு முறையும் விடையில் 16 குறைந்துவிடுகிறது.

வெளியேறும் கேரி C4-ஐப் பாருங்கள். −8 மதிப்புள்ள பிட்டுகள் இரண்டு சேர்ந்து இந்த இடத்தைவிட்டுப் போகின்றன என்பதுதான் அதன் பொருள், அதாவது −16. அதை நாம் விட்டுவிடுகிறோம். மைனஸ் பதினாறை விட்டுவிட்டால் விடையில் 16 கூடிவிடுகிறது.

ஒன்று 16-ஐக் குறைக்கிறது, மற்றொன்று 16-ஐக் கூட்டுகிறது. இரண்டும் நடந்தால் சரிக்குச் சரி. இரண்டும் நடக்காவிட்டாலும் சரி. ஒன்று மட்டும் நடந்தால்தான் விடை கெடும். இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

```
உண்மையான விடை = சுற்று காட்டும் விடை + 16 × (C3 − C4)
```

முதலில் போட்ட 5 + 6 கணக்கில் இதைச் சோதிப்போம்.

```
கேரி: C4=0  C3=1  C2=0  C1=0

   0101     5
 + 0110     6
 ------
   1011    -5
```

வலமிருந்து வந்தால், முதல் இடத்தில் 1 + 0 = 1, கேரி இல்லை. இரண்டாம் இடத்தில் 0 + 1 = 1, கேரி இல்லை. மூன்றாம் இடத்தில் 1 + 1, அங்கே 0 நிற்கிறது, கேரி 1 கிளம்புகிறது. நான்காம் இடத்தில் 0 + 0 உடன் அந்த 1 சேர்ந்து 1 ஆகிறது, வெளியே எதுவும் போகவில்லை. C3 = 1, C4 = 0. சூத்திரத்தில் போட்டால் −5 + 16 = 11. உண்மையான விடை.

மறுபக்கம், −5 + (−6):

```
கேரி: C4=1  C3=0  C2=1  C1=0

   1011    -5
 + 1010    -6
 ------
 1 0101     5
```

C3 = 0, C4 = 1. ஆகவே 5 − 16 = −11. முன்பு பார்த்த −1 + 1 கணக்கில் எல்லா இடத்திலும் கேரி ஓடுகிறது, C3-யும் C4-யும் ஒன்றே, பிழை பூஜ்யம். கேரி விளக்கு எரிந்தும் விடை சரியாக இருந்ததன் காரணம் இதுதான்.

இரண்டு பிட் வேறுபடுகிறதா என்று சொல்ல ஒரு எக்ஸ்-ஆர் கேட் போதும்:

```
V = C3 ^ C4
```

ஐசியில் C3 எங்கே?

தாளில் இது ஒரு கேட் வேலை. பிரெட்போர்டில் உட்கார்ந்தால் ஒரு தடை வரும். 7483-லும் 74283-லும் வெளியே வரும் கேரி C4 மட்டுமே. C3-க்கென்று கால் கிடையாது. உள்ளே இருக்கும் கேரியை வெளியிலிருந்து தொட முடியாது.

ஆனால் அதைக் கணக்கிட்டு எடுக்க முடியும். முழுக் கூட்டியின் விடை பிட் என்பது மூன்று உள்ளீடுகளின் எக்ஸ்-ஆர், அதாவது S4 = A4 ^ B4 ^ C3. எக்ஸ்-ஆரில் ஒன்றை எந்தப் பக்கத்துக்கும் மாற்றலாம் என்பதால் C3 = A4 ^ B4 ^ S4. இதை மேலே உள்ள சூத்திரத்தில் வைத்தால்:

```
V = A4 ^ B4 ^ S4 ^ C4
```

மூன்று எக்ஸ்-ஆர் கேட்டுகள். 7486 ஐசி ஒன்றில் நான்கு இருக்கும், ஒன்று மிச்சம்.

கழித்தலையும் சேர்த்தால் இன்னொரு 7486 வேண்டும். B-யின் நான்கு பிட்டுகளையும் ஆளுக்கொரு எக்ஸ்-ஆர் கேட் வழியாக அனுப்பி, கேட்டுகளின் மற்றொரு கால்களையெல்லாம் ஒரே ஸ்விட்சில் கட்டுகிறோம். ஸ்விட்ச் 0 என்றால் B அப்படியே போகும், 1 என்றால் திரும்பிப் போகும். அதே ஸ்விட்சைக் கூட்டல் ஐசியில் கேரி உள்ளே நுழையும் C0 காலுக்கும் கொடுத்தால் அந்தக் கூடுதல் 1-உம் சேர்ந்துவிடுகிறது. திருப்பிப் போட்டு ஒன்றைக் கூட்டும் விதி முழுவதும் இந்த ஒரு வயரில் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஓவர்ஃப்ளோ விளக்கு அடிக்கடி பொய் சொல்லும். V-க்கான B4-ஐ எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் விஷயம். நாம் எண்ணை வைக்கும் ஸ்விட்சிலிருந்து எடுக்கக் கூடாது. எக்ஸ்-ஆரைக் கடந்து கூட்டல் ஐசியின் காலுக்குள் போகும் பிட்டைத்தான் எடுக்க வேண்டும். 3 − (−6) என்ற கணக்கைப் பாருங்கள்.

```
A           0011
B           1010
திருப்பிய B   0101
C0             1
விடை        1001     C4=0
```

உண்மையான விடை 9, காட்டுவது −7. திருப்பிய B-யின் இடது பிட் 0 என்பதால் V = 0 ^ 0 ^ 1 ^ 0 = 1, விளக்கு எரிகிறது. வயர் ஸ்விட்சிலிருந்து வந்திருந்தால் V = 0 ^ 1 ^ 1 ^ 0 = 0, விளக்கு எரியாது. தலைகீழாகவும் நடக்கும். 3 − 2 போட்டால் விடை 0001 சரியாகவே வரும், ஆனால் தப்பாக இழுத்த வயரில் விளக்கு எரியும். அறிகுறியை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். கூட்டல் கணக்குகளில் எல்லாம் சரியாக இருந்து, கழித்தலுக்கு மாறிய உடனே விளக்கு ஒவ்வொரு கணக்கிலும் நேர்மாறாகக் காட்டினால் B4 வயரைப் பாருங்கள்.

மைனஸ் எட்டு என்ற ஒற்றை எண்

முன்பு விட்டுவைத்த −8-க்கு வருவோம். 1000-ஐத் திருப்பிப் போட்டால் 0111, ஒன்றைக் கூட்டினால் மறுபடி 1000. மைனஸ் எட்டின் மைனஸும் மைனஸ் எட்டாகவே நிற்கிறது, ஏனென்றால் +8-க்கு இங்கே இடமில்லை.

இதனால் கழித்தலில் ஒரு நுட்பமான வித்தியாசம் வருகிறது. −1 − (−8) எவ்வளவு? 7. நான்கு பிட்டில் தாராளமாக அடங்கும். ஒருவர் முதலில் B-யின் நிரப்பியைத் தனியாகக் கண்டுபிடித்து, பிறகு கூட்டுகிறார் என்று வையுங்கள். −8-ன் நிரப்பி 1000. 1111 + 1000 போட்டால் விடை 0111, அதாவது 7. விடை சரி. ஆனால் கொடுத்த இரண்டும் மைனஸ், விடை பிளஸ், ஆகவே அவருடைய பரிசோதனை ஓவர்ஃப்ளோ என்று சொல்லும். பொய்யான எச்சரிக்கை.

நம் சுற்றில் அப்படி நடக்காது. உள்ளே போவது 1111, திருப்பிய 0111, C0-வில் ஒரு 1. கூட்டினால் விடை அதே 0111, ஆனால் இப்போது C3 = 1, C4 = 1. V பூஜ்யம், விளக்கு எரியாது. திருப்பிய 0111 என்பது +7, அது முறையான நான்கு பிட் எண். கூடுதல் 1 கேரியாகவே வருவதால், இல்லாத +8-ஐ எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டிய தேவை வரவில்லை. C0 வழியாக 1-ஐக் கொடுப்பது ஒரு கூட்டல் ஐசியை மிச்சப்படுத்துவதற்கு மட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மிச்சம் உண்மைதான். ஆனால் ஓவர்ஃப்ளோ அடையாளம் எல்லா எண்களுக்கும் சரியாக இருப்பதும் அதே ஏற்பாட்டால்தான்.

விளக்கு எரிந்தால் விடையை மீட்கலாமா

மீட்கலாம். நான்கு பிட் எண்கள் இரண்டின் கூட்டுத்தொகை −16-க்கும் 14-க்கும் நடுவில்தான் இருக்கும். ஐந்து பிட்டில் −16 முதல் 15 வரை அடங்கும். ஆகவே இன்னும் ஒரே ஒரு பிட் இருந்தால் எந்தக் கூட்டலும் கெடாது. அந்த ஐந்தாவது பிட் C4 என்று நினைத்து விடையின் முன்னால் ஒட்டிவிடக் கூடாது. அது குறியில்லாத எண்களுக்குத்தான் சரி. குறியுள்ள எண்ணுக்கு ஐந்தாவது பிட் S4 ^ V. அதாவது ஓவர்ஃப்ளோ இல்லையென்றால் விடையின் குறியை அப்படியே இன்னொரு முறை எழுத வேண்டும், ஓவர்ஃப்ளோ வந்தால் அதைத் திருப்பி எழுத வேண்டும். 5 + 6-க்கு S4 = 1, V = 1, ஆகவே ஐந்தாவது பிட் 0. விடை 01011, பதினொன்று.

இரண்டு எண்களில் எது சிறியது என்று கண்டுபிடிக்கும்போதும் இதே S4 ^ V தான் வேண்டும். A-யிலிருந்து B-யைக் கழித்து விடை மைனஸா என்று பார்ப்பது வழக்கம். ஓவர்ஃப்ளோ வந்திருந்தால் விடையின் குறி நம்மை ஏமாற்றும். மேலே பார்த்த 3 − (−6) கணக்கில் விடை 1001, குறி மைனஸ். அதை மட்டும் நம்பினால் 3 என்பது −6-ஐவிடச் சிறியது என்றாகிவிடும்.

8085-இல் அந்த விளக்கு இல்லை

மைக்ரோபிராசசர் பாடத்தில் 8085 படிப்பவர்களுக்கு இது உடனே பயன்படும். இன்டெல் கையேட்டின்படி அதில் ஐந்து ஃபிளாக்குகள்: சைன், ஜீரோ, ஆக்ஸிலரி கேரி, பாரிட்டி, கேரி. அந்தப் பட்டியலில் ஓவர்ஃப்ளோ கிடையாது. 8051-இல் அதற்கென்று `OV` என்ற பிட் உண்டு, 8085-இல் நாமேதான் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எட்டு பிட்டில் எல்லை −128 முதல் 127 வரை. 100-ஐயும் 50-ஐயும் கூட்டினால் 150, அடங்காது. பதினாறடிமானத்தில் 64H-உம் 32H-உம் சேர்ந்து 96H. கேரி ஃபிளாக் 0, சைன் ஃபிளாக் 1. குறியுள்ள எண்ணாகப் படித்தால் −106. ஓவர்ஃப்ளோ வந்ததா என்று கண்டுபிடிக்க, விடையை இரண்டு எண்களோடும் தனித்தனியாக எக்ஸ்-ஆர் செய்து, கிடைத்த இரண்டையும் `ANA` செய்தால் போதும்:

```
      MVI  B,64H
      MVI  C,32H
      MOV  A,B
      ADD  C
      MOV  D,A
      XRA  B
      MOV  E,A
      MOV  A,D
      XRA  C
      ANA  E
      JM   OVF
```

96H-ஐ 64H-உடன் எக்ஸ்-ஆர் செய்தால் F2H, 32H-உடன் செய்தால் A4H. இரண்டையும் `ANA` செய்தால் A0H. இடது ஓர பிட் 1 என்பதால் சைன் ஃபிளாக் எழும், `JM` தாவும். விடையின் குறி இரண்டு எண்களின் குறியிலிருந்தும் வேறுபட்டிருந்தால் மட்டுமே அந்த பிட் 1 ஆகும். இரண்டு எண்களின் குறி வெவ்வேறாக இருந்தால் விடை ஏதாவது ஒன்றோடு ஒத்துப்போயே தீரும், அப்போது `ANA`-வில் அந்த பிட் 0 ஆகிவிடும். இது முன்பு எழுதிய முதல் சூத்திரம்தான். மற்ற ஏழு பிட்டுகளில் என்ன வந்தாலும் பொருட்படுத்த வேண்டாம், `JM` பார்ப்பது சைன் ஃபிளாக்கை மட்டும். கூட்டுத்தொகை `D`-யில் பத்திரமாக இருக்கிறது.

கழித்தலுக்கு இதே நிரலை `ADD`-ஐ மட்டும் `SUB` என்று மாற்றிப் போட்டால் தப்பாகும். `SUB` உள்ளே கழிக்கப்படும் எண்ணைத் திருப்பித்தான் கூட்டுகிறது, ஆனால் நம் கையில் இருப்பது திருப்பாத எண். அதனால் கழிக்கப்படும் எண் `C`-யில் இருந்தால், `XRA C`-க்கு அடுத்து ஒரு `CMA` சேர்த்து அந்தப் பிட்டுகளைத் திருப்பிவிட்டு, பிறகு `ANA E` செய்ய வேண்டும்.